10 லிட்டர் பாலுக்கு எவ்வளவு கோவா கிடைக்கும்?

"10 லிட்டர் பால் காய்ச்சினால் எவ்வளவு கோவா வரும்? 3 கிலோ பேடா செய்ய எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?"

பசும்பால் என்றால் சுமார் 1.8 கிலோ, எருமைப்பால் என்றால் 2.2 கிலோ.

தண்ணீர் போகப் பாலில் மிஞ்சும் கொழுப்பு, புரதம், சர்க்கரை போன்ற திடப்பொருள்தான் கோவா ஆகிறது. பசும்பாலில் அது ஏறக்குறைய 12.5 சதவீதம். 10 லிட்டர் பாலின் எடை 10.3 கிலோ, அதில் திடப்பொருள் சுமார் 1.3 கிலோ. கெட்டிக் கோவாவில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் தங்கும் என்பதால் கணக்குப்படி 1.9 கிலோ வர வேண்டும். வாணலியில் ஒட்டுவது போக 1.8.

இப்போது பேடா. ஒரு கிலோ கோவாவுக்கு 300 கிராம் சர்க்கரை என்று வைத்தால், 2.4 கிலோ கோவாவும் 720 கிராம் சர்க்கரையும் சேர்ந்து 3.1 கிலோ, கிளறும்போது ஈரம் கொஞ்சம் குறைந்து 3 கிலோ நிற்கும். அதற்கு எருமைப்பால் 11 லிட்டர், பசும்பால் 13.5 லிட்டர். நான் எப்போதும் அரை லிட்டர் கூடவே வாங்குவேன்.

காலி வாணலியை முதலிலேயே எடை போட்டுவிடுங்கள். கோவா ஓரம் விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டும் எடை மிகக் குறைவாக இருந்தால், பாலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எடை அதிகமென்றால் சந்தோஷப்பட வேண்டாம், ஈரம் போகவில்லை. அந்தப் பேடா தட்டிய வடிவில் நிற்காமல் பரவும், சீக்கிரம் கெடும். குலாப் ஜாமூனுக்கு மட்டும் அந்த இளகல் சரி.