பெயர் சூட்டு விழா அட்டை: ஓவியத் தங்கைக்கு எப்படி எழுதுவது?

“பினாங்கில் இருக்கிறோம். முதல் பிள்ளை, மகள். சித்தப்பா மகள் ஓவியர், விழா அழைப்பு அட்டைக்குப் படம் வரைந்து தருகிறாள். ‘அழகா ஒரு தொட்டில் போடும்மா’ என்று எழுதினேன். செதுக்கிய மரத்தொட்டில் வந்தது. எப்படி விளக்குவது?”

‘அழகா’ என்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் இருப்பதையே எழுதுங்கள். உதாரணமாக:

“தங்கச்சி, உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங் தொட்டில் வேணும். துணி அம்மாவின் மஞ்சள் சேலை, அரக்குக் கரை. ஸ்பிரிங், கொக்கி இரண்டும் தெரியணும். பிள்ளை உள்ளேதான், முகம் வேண்டாம். ஒரு கை மட்டும் வெளியே. பக்கத்தில் பாட்டி குனிந்து காதில் பெயர் சொல்வது போல. கீழ் மூன்றில் ஒரு பங்கு வெறும் வெளிர்நிறமா இருக்கட்டும்.”

அந்த வெற்றிடத்தைக் கட்டாயம் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாள், நேரம், இடம் வர வேண்டும். கோலமோ பூவோ அங்கே வந்தால் எழுத்து படிக்க முடியாது. பெயரை விழாவில்தான் அறிவிக்கப் போகிறீர்கள் என்றால், படத்திலும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அளவையும் முதலிலேயே கொடுங்கள். 5×7 அங்குல அட்டைக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக, 133×184 மி.மீ., 300 dpi. வெட்டும்போது ஓரம் போகும், ஆகவே கொக்கியை விளிம்போடு ஒட்டி வரையக் கூடாது. தமிழ் வரிகளை அவள் எழுத்தாக விடாமல், அவுட்லைன் வடிவமாக மாற்றி அனுப்பட்டும். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

முதலில் பென்சில் வரைவு மட்டும் கேளுங்கள். வண்ணம் தீட்டிய பிறகு தொட்டிலை மாற்றச் சொன்னால், அவளுக்கு முழுப் படமும் மறுவேலை.