பாடத்தை விட்டு விலகும் கேள்விக்குக் குழந்தைகள் சாட்பாட் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்லித்தர ஒரு சாட்பாட் செய்திருக்கிறேன். 'விலங்குகளைத் தவிர வேறெதுவும் பேசாதே, எளிமையாக, அன்பாகப் பேசு' என்று ப்ராம்ப்ட்டில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பேச்சு சில நேரம் எங்கேயோ போய்விடுகிறது, சில நேரம் நல்ல கேள்விக்கே பதில் தர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எதைப் பேசலாம் என்ற முடிவு, அதை எப்படிச் சொல்வது என்ற நடை, இரண்டையும் ஒரே ப்ராம்ப்ட்டின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். முதலில் அவற்றைப் பிரியுங்கள். பிள்ளை தட்டச்சு செய்தது பதில் எழுதும் மாடலுக்குப் போகும் முன், தனியாக ஒரு சிறிய அழைப்பில் அது எந்த வகை என்று மட்டும் கேளுங்கள். மூன்று வகை போதும்: 'பாடம்', 'வெளியே', 'பெரியவர் தேவை'. முதல் வகை மட்டுமே பதில் எழுதும் மாடலுக்குப் போகட்டும். மற்ற இரண்டுக்கும் நீங்களே முன்கூட்டி எழுதி வைத்த பதில்கள் வரட்டும்.

தடைச்சொல் பட்டியலை வைத்து இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 'சிங்கம் மானை எப்படிக் கொல்லும்?' என்பது நேர்மையான பாடக் கேள்வி. 'கொல்லும்' என்பதற்காகப் பட்டியல் அதைத் தடுத்துவிடும். தடுக்க வேண்டியதையோ பிள்ளை ஆங்கில எழுத்தில், பிழையோடு தட்டச்சு செய்திருக்கும். பட்டியல் அதைக் கண்டுகொள்ளாது.

ஒரு உரையாடலை எடுத்துக்கொள்வோம். சிங்கம் மானைப் பிடிப்பது பற்றிக் கேட்ட பிள்ளை, அடுத்து 'வலிக்குமா?' என்கிறது. அப்புறம் 'எங்க நாய் செத்துப்போச்சு, அதுக்கும் வலிச்சுதா?' என்கிறது. 'வலிக்குமா?' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்தால் எந்த வகை என்றே தெரியாது. அதனால் வகை பிரிக்கும் அழைப்புக்குக் கடைசி மூன்று நான்கு பரிமாற்றங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அப்போது 'வலிக்குமா?' பாடம் என்று தெரியும். மூன்றாவது கேள்வியிலும் விலங்குதான் இருக்கிறது, ஆனால் பிள்ளை தன் துக்கத்தைச் சொல்கிறது. அது 'பெரியவர் தேவை'. சந்தேகம் வந்தால் இந்த வகையையே தேர்ந்தெடுக்கும்படி விதி வையுங்கள். அதற்கான பதில் இப்படி இருக்கலாம்: 'நீ சொன்னது உனக்குக் கஷ்டமா இருக்கும். அழுகை வந்தா அழலாம். நீ நம்புற பெரியவர் ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லு.'

'வெளியே' வகைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 'அது எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. நாம விலங்குகளைப் பற்றிப் பேசலாமா?' என்றால் போதும். 'அதெல்லாம் கேட்கக் கூடாது' என்ற தொனி மட்டும் வேண்டாம். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பிள்ளை நினைத்துவிடும்.

நான் மிகவும் பயப்படும் இடம் வேறு. 'என்னை அடிக்கிறாங்க' என்று ஒரு பிள்ளை எழுதும்போது சாட்பாட் 'வா, யானையைப் பற்றிப் பேசலாம்' என்று சொல்வது. தலைப்பை இறுக்கமாகக் கட்டிய சாட்பாட் சரியாக இதைத்தான் செய்யும். இதுவும் 'பெரியவர் தேவை'தான், ஆனால் துக்கத்துக்கான பதில் இதற்குப் போதாது; தனிப் பதில் எழுதி வையுங்கள். 'அம்மா அப்பாவிடம் சொல்' என்று எழுதாதீர்கள். அடிப்பவர் அவர்களாகவே இருக்கலாம். 'நம்புகிற பெரியவர்' என்றே இருக்கட்டும், உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணும் கூடவே வரட்டும். யார், எங்கே என்று சாட்பாட் துருவிக் கேட்கக் கூடாது, ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்கும் தரக் கூடாது. பொறுப்பான ஒரு மனிதருக்கு அந்தச் செய்தி உடனே போக வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்க முடியாவிட்டால், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் இதைப் பயன்படுத்த விடாதீர்கள்.

சரி, நடைக்கு வருவோம். 'எளிமையாகப் பேசு' என்பதை மாடல் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் எண்ணால் சொல்லுங்கள்: மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், ஒரு பதிலில் ஒரே ஒரு புதுச் சொல். கூடவே நீங்கள் எழுதிய கேள்வி-பதில் மாதிரிகள் ஐந்தாறு கொடுங்கள். விதிகளைவிட மாதிரிகளைத்தான் மாடல் நன்றாகப் பின்பற்றும். அதில் ஒன்று சங்கடமான கேள்வியாக இருக்கட்டும். 'சிங்கம் மானின் கழுத்தைக் கடிக்கும். மான் இறந்துவிடும். சிங்கக் குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு.' உண்மை முழுதாக இருக்கிறது, ரத்த வர்ணனை இல்லை. மென்மை என்று நான் சொல்வது இதைத்தான். மான் தூங்கிவிட்டது என்று எழுதினால், பிள்ளை அன்றிரவு தூங்கப் பயப்படலாம். பதில் திரைக்கு வரும் முன் சொற்களை நிரல் எண்ணட்டும். அளவு தாண்டினால் மீண்டும் எழுதச் சொல்லட்டும்.

கடைசியாகச் சோதனை. மூன்று வகைக்கும் சேர்த்து நூறு கேள்விகளாவது பிள்ளைகள் எழுதுகிற மாதிரியே, பிழைகளோடு தொகுத்து வையுங்கள். ப்ராம்ப்ட்டையோ மாடலையோ மாற்றும்போதெல்லாம் அவற்றை ஓட்டிப் பாருங்கள். வீணாக மறுத்த பாடக் கேள்விகளையும், பாடம் என்று தவறவிட்டவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். முதல் வகைப் பிழை சில இருந்தாலும் வெளியிட்டுவிட்டுத் திருத்தலாம். 'பெரியவர் தேவை' என்பதில் ஒன்று தவறினாலும் வெளியிடாதீர்கள்.