கோளக் கோணப்பகுதியின் கன அளவு: 240π ஏன் தப்பு?

“10 செ.மீ. ஆரக் கோளத்தில் வெட்டிய கோணப்பகுதி. கூம்பின் அடி ஆரம் 6, உயரம் 8. கூம்பையும் மேலே அரைக்கோளத்தையும் கூட்டினால் 240π வருகிறது. புத்தகத்தில் 400π/3. எங்கே தப்பு?”

400π/3 தான் சரி, ஏறத்தாழ 419 கன செ.மீ. சூத்திரம் V = (2/3)πR²h. இதில் R கோளத்தின் ஆரம், h மேல் மூடியின் உயரம் மட்டும். இங்கே h = 10 − 8 = 2.

தப்பு அரைக்கோளத்தில் இருக்கிறது. நீங்கள் 6 ஆரமுள்ள அரைக்கோளத்தை வைத்துவிட்டீர்கள். உண்மையில் மேலே இருப்பது 10 ஆரக் கோளத்தின் மெல்லிய மூடி. அதன் மையம் கூம்பின் நுனியிலேயே இருக்கிறது, அதனால்தான் அது அவ்வளவு தட்டையாகத் தெரியும்.

பிரித்துக் கூட்டிப் பாருங்கள்:

1. கூம்பு: (1/3)π × 36 × 8 = 96π.
2. மூடி: πh²(3R − h)/3 = π × 4 × 28/3 = 112π/3.

கூட்டினால் 400π/3 வந்துவிடும்.

அப்புறம் ஒன்று, கணக்கிலேயே “கூம்பின் மேல் அரைக்கோளம்” என்று இருந்தால் அது கோளக் கோணப்பகுதியே அல்ல. அங்கே உங்கள் 240π தான் விடை. சாயுயரம் கோள ஆரத்துக்குச் சமமா என்று முதலில் பாருங்கள். இங்கே √(36 + 64) = 10, சமம்.