சிவப்புக் கார்னேஷனும் கிளிசரின் பனித்துளியும்

கேள்வி (குன்னூர், பூக்கடை வைத்திருப்பவர்): அண்ணா, சிவப்பு கார்னேஷன் பொக்கேயை போட்டோ எடுத்தா இதழ் மடிப்பே தெரியலை. ஒரே சிவப்பு உருண்டை. ஃபோன் நல்ல ஃபோன்தான். டெலிவரி வெப்சைட் பக்கத்துல போடணும்.

பதில்: ஃபோன் மேல் குற்றமில்லை. படத்தின் மொத்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது அளவு வைக்கிறது. பச்சையும் நீலமும் குறைவாக இருக்கும் சிவப்புப் பூவில், மொத்தம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த இடத்தில் மடிப்பு, நிழல், நரம்பு எதுவும் பதிவாவதில்லை. பிறகு எந்த ஆப்பில் திருத்தினாலும் அது திரும்பி வராது.

பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்து, பூ கொஞ்சம் இருண்டதாகத் தெரியும்போது எடுங்கள். எண் காட்டும் ஃபோனில் −0.7க்கும் −1க்கும் நடுவில் இருக்கும். எடுத்த படத்தில், எடிட் செய்யும் ஆப்பின் கலர் பிக்கரை மிகப் பளிச்சென்ற இதழில் வையுங்கள். சிவப்பைக் குறிக்கும் R எண் உச்சமான 255 என்று நாலைந்து இடத்தில் வந்தால் படம் போச்சு, மறுபடி எடுக்க வேண்டியதுதான். 235 பக்கம் நின்றால் தைரியமாக நிழலை ஏற்றிக்கொள்ளலாம். பூவைப் பார்த்ததும் நிறத்தைத் தானாக ஏற்றுகிற 'சீன்' வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம் வரும் பக்கம். கார்னேஷன் இதழின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அந்தப் பற்களுக்கு நடுவே விழும் சின்ன நிழல்தான் நீங்கள் தேடும் மடிப்பு. போன மாசி மாதம் ஒரு கடைக்கு எடுத்தபோது பொக்கேயை ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, ஜன்னல் இடப்பக்கம் வருமாறு வைத்தேன். வலப்பக்கம் தெர்மோகோல் வைத்தேன். படம் சப்பென்று இருந்தது. தெர்மோகோலை அகற்றிவிட்டுக் கறுப்புச் சார்ட் பேப்பரை நிறுத்தியதும் ஒவ்வொரு இதழும் தனியாக நின்றது. கடைக்காரர் நான் வேறு பூவை வைத்துவிட்டேன் என்றே நினைத்தார்.

கேள்வி (ஊட்டி): எதுக்குண்ணே இவ்வளவு? மஞ்சு மூட்டமா இருக்கிறப்ப வெளியே வெச்சு எடுத்தா அதைவிட நல்ல லைட் கிடையாது. வெள்ளைப் பேப்பரைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வெச்சா கலரும் சரி. நான் அப்படித்தான் செய்யறேன்.

பதில்: பாதி சரி தம்பி. மஞ்சு வெளிச்சத்தில் கடுமையான நிழல் விழாது, உண்மை. ஆனால் அது நாலா பக்கமும் இருந்து வருவதால் மென்மையான நிழலும் விழாது. நம்ம ஊரில் மூடிய நாளில் வெளிச்சம் சேர்க்க வேண்டியதில்லை, ஒரு பக்கத்தை இருட்டாக்க வேண்டும். கறுப்புத் துணியை ஒரு பக்கம் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பேப்பர் விஷயத்தில்தான் தவறு. பளபளவென்று வெளுத்துத் தெரிய, பேப்பரில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அது லேசாக நீலம் காட்டும். கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப் போய், வெள்ளை லில்லியை மஞ்சளாக்கிவிடும். போட்டோ கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையை வைத்து அளவெடுங்கள். புல்தரை, தேயிலைச் செடி பக்கத்திலும் வேண்டாம். வெள்ளை இதழின் அடிப்பாகம் பச்சை வாங்கிவிடும். உள்ளே எடுப்பவர்கள் கடை டியூப்லைட்டை மறக்காமல் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் எந்த அட்டையும் காப்பாற்றாது.

கேள்வி (கோத்தகிரி): பனித்துளிக்குத் தண்ணி தெளிச்சா ஓடிப் போயிடுது. கிளிசரின் கலக்கச் சொல்றாங்க. எவ்வளவு? எடுத்து முடிச்சு அதே பொக்கேயை அனுப்பிடலாமா அண்ணா?

பதில்: அனுப்பாதீர்கள். கிளிசரின் ஈரத்தை இழுக்கும், இதழ் ஓரம் பழுப்பாகும். வெறும் தண்ணீரானாலும் நனைந்த பூவைப் பெட்டியில் அடைத்தால் சாம்பல் பூசணம் பிடிக்கும். படத்துக்கென்று ஒரு பொக்கேயை ஒதுக்கிவிட வேண்டும்.

கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. முதலில் பொடி ஸ்ப்ரேயரை இரண்டடி தூரத்திலிருந்து இரண்டே முறை அடியுங்கள். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஐந்தாறு பெரிய துளி மட்டும் வையுங்கள். ரோஜா இதழில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருப்பதால் துளி உருண்டு நின்று ஒட்டிக்கொள்ளும், இதழைக் கவிழ்த்தாலும் சின்னத் துளி விழாது.

எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பொய் வெளிப்படும். நிஜப் பனி வானத்தைப் பார்த்திருக்கும் இடத்தில் படியும், அதாவது மேல் இதழின் ஓரம், இலையின் மேல்பக்கம். பூவின் அடியிலும் ரிப்பன் மேலும் துளி நின்றால் ஸ்ப்ரே என்று யாரும் சொல்லிவிடுவார்கள். துளிக்குள் ஒரே ஒரு ஜன்னல் மின்ன வேண்டும். இரண்டு மூன்று மின்னினால் எங்கேயோ விளக்கு எரிகிறது.

வெப்சைட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பனித்துளிப் படம் போதும் என்பேன். மற்றதெல்லாம் வாடிக்கையாளர் கையில் சேரும் நிலையிலேயே இருக்கட்டும்.

கேள்வி (கொடைக்கானல், பெரியவர்): தம்பி, பூவில் ஈரம் நிற்க ஃப்ரிட்ஜில் எத்தனை டிகிரி வைக்கணும்? எங்க வீட்டு கார்னேஷன் மூணே நாளில் சுருண்டுடுது.

பதில்: ஐயா, இங்கே பேசுவது படத்துக்கான துளியைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். வெட்டிய கார்னேஷன், ரோஜாவை 2 முதல் 4 டிகிரியில் வைக்கலாம். சுருளுவதற்கு வேறு காரணம் இருக்கலாம். பக்கத்தில் பழுத்த மலைவாழைத்தார் ஏதும் இருக்கிறதா? பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு ஆகாது, இதழ் உள்நோக்கிச் சுருண்டு தூங்கிவிடும்.

படம் எடுப்பவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் பூவில் ஈரம் படியும். ஆனால் அது துளியாக நிற்காமல் சாம்பல் படலமாக நிறத்தை மங்க வைக்கும். அரை மணி நேரம் காயவிட்டு எடுங்கள்.

கேள்வி (குன்னூர், முதலில் கேட்டவர்): அண்ணா, நீங்க சொன்னபடி எடுத்தேன், ஃபோன்ல அருமையா இருக்கு. வெப்சைட்ல ஏத்தினா வெளிறிப் போகுது. ஊதா லிசியாந்தஸ் மட்டும் ரெண்டிலயுமே நீலமா வருது.

பதில்: வெளிறுவது அநேகமாகக் கலர் ப்ரொஃபைல் சிக்கல். சில ஃபோன்கள் Display P3 என்ற அகலமான நிறப் பரப்பில் சேமிக்கும். எந்தப் பரப்பு என்ற குறிப்புதான் ப்ரொஃபைல். தளம் படத்தைச் சுருக்கும்போது அந்தக் குறிப்பைக் கழற்றி எறிந்தால், பிரவுசர் அதே எண்களை sRGB என்ற குறுகலான, வழக்கமான பரப்பாகப் படித்துவிடும், சிவப்பு சோர்ந்து போகும். ஏற்றுவதற்கு முன்பே எக்ஸ்போர்ட்டில் sRGB ஆக மாற்றுங்கள். நீளப் பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 80 போதும். வாட்ஸப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஊதா எனக்கே தீராத தலைவலி. அந்த நிறத்தைக் கண் பார்க்கிற மாதிரி கேமரா பார்ப்பதில்லை. பூவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊதா ஸ்லைடரை மட்டும் சிவப்புப் பக்கம் நகர்த்துவேன். முழுப் படத்தையும் நகர்த்தினால் இலை கெட்டுவிடும்.

ஊட்டி: ஊதாவை நிழல்ல எடுக்காம, சாயங்கால வெயில்ல எடுத்தா எனக்குச் சரியா வருதுண்ணே.

பதில்: சாயங்கால வெளிச்சமே சிவப்பு, அதனால் நெருங்கி வரலாம். அதே படத்தில் வெள்ளை லில்லி இருந்தால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.