எடையும் மண்டலமும் சேர்ந்து தீர்மானிக்கும் டெலிவரி கட்டணம்

கேள்வி: இடப்பக்கம் எடை வரம்பு, மேலே மண்டலம் இருக்கும் விரிதாள் அட்டவணையிலிருந்து கட்டணத்தை எடுப்பது எப்படி? சரியாக 2 கிலோ இருந்தால் மட்டும் அடுத்த வரம்பின் கட்டணம் வருகிறது.

உங்கள் எடைப் பத்தியில் ஒவ்வொரு வரம்பின் தொடக்க எண் இருக்கும் என்று நினைக்கிறேன். `MATCH` தோராயத் தேடலில், கொடுத்த எடைக்குச் சமமான அல்லது அதற்குக் கீழான பெரிய எண்ணில் நிற்கும். அதனால் 2 கிலோ, '2 முதல் 5' வரிக்குப் போய்விடுகிறது. கட்டணப் பட்டியல்களோ பெரும்பாலும் '2 கிலோ வரை' என்றுதான் பேசும்.

ஆகவே A2:A5-இல் மேல் வரம்புகளையே எழுதுங்கள்: 0.5, 1, 2, 5. B1:D1-இல் மண்டலப் பெயர்கள், B2:D5-இல் கட்டணங்கள். எடை F2-இலும் மண்டலம் G2-இலும் இருந்தால்:

```
=INDEX(B2:D5, COUNTIF(A2:A5,"<"&F2)+1, MATCH(G2,B1:D1,0))
```

எடை 2 என்றால் அதைவிடச் சிறிய வரம்புகள் இரண்டு (0.5, 1). ஒன்றைக் கூட்டினால் மூன்றாவது வரி, அதாவது '2 வரை'. எடை 2.1 ஆனால் நான்காவது வரி. மண்டலத்துக்குத் தோராயம் கூடாது, கடைசி 0 கட்டாயம்.

5 கிலோவைத் தாண்டினால் `#REF!` வரும். அதை `IFERROR` போட்டு 0 ஆக்கிவிடாதீர்கள். பார்சல் இலவசமாகப் போய்விடும்.

எந்த எடைக்கும் முதல் வரியின் கட்டணமே வந்தால், A பத்தியில் '0.5 கிலோ' என்று எழுத்தாக அடித்திருப்பீர்கள். எண்ணை மட்டும் வையுங்கள். `#N/A` வந்தால் மண்டலப் பெயரின் பின்னால் ஒட்டிய இடைவெளியைத் தேடுங்கள்.