அத்தை பெயரில் அந்நியர் படம்

கேள்வி: யாங்கூனில் இருக்கிறேன். சென்னையிலுள்ள அத்தையின் எண்ணைச் சேமித்தால், வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் யாரோ ஒரு பர்மியரின் படம் வருகிறது. ஏன்?

பதில்: பிளஸ் குறி இல்லாத எண்ணை வாட்ஸ்அப் உங்கள் சொந்த எண்ணின் நாட்டைச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் பர்மா எண்ணில் பதிந்திருப்பதால், அத்தையின் எண்ணுக்கு முன்னால் 91 வர வேண்டிய இடத்தில் 95 வந்துவிடுகிறது. வேறு நாட்டு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் "அழைப்பு விடுக்கவும்" என்றுதான் காட்டியிருக்கும். ஆனால் 9-இல் தொடங்கும் பத்து இலக்க இந்திய எண், முன்னுள்ள சுழியம் நீங்கிய பர்மா கைப்பேசி எண்ணைப் போலவே அமைந்திருப்பதால், அதே இலக்கங்களை உடைய ஒருவர் இங்கே இருந்துவிட்டால் அவர் படம் அத்தை பெயரில் வந்து நிற்கும்.

தொடர்புப் பட்டியலில் அத்தையின் எண்ணைத் திருத்துங்கள். எண் பலகையில் 0-வைச் சற்று அழுத்திப் பிடித்தால் + வரும் (பலருக்கு இது தெரிவதில்லை). அதன்பின் 91, பிறகு பத்து இலக்கங்கள். இடையில் 0 வேண்டாம், முன்னால் 00-வும் வேண்டாம்:

```
+91 98xxx xxxxx
```

உங்கள் எண்ணை அத்தை சேமிக்கும்போதும் இதே விதிதான்: 09xxxxxxxxx என்பது +959xxxxxxxxx ஆகும், சுழியம் மட்டுமே விழும், 9 விழாது. அந்த 9-ஐயும் சேர்த்து நீக்கிவிடுவதே நான் அதிகம் பார்த்த பிழை.

திருத்தியபின் வாட்ஸ்அப்பின் தொடர்புப் பட்டியலைப் புதுப்பித்து, அத்தையின் பெயரைத் தொட்டு, அங்கே எண் +91 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். பழைய உரையாடல் அந்த அந்நியருடையது. அதில் எதையும் அனுப்பிவிடாதீர்கள்.