தேன் லேபிளுக்கு டிசைனரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது என்ன?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வீட்டிலேயே தேன் பாட்டிலில் அடைத்து விற்கிறோம். லேபிள் செய்ய நாகர்கோவிலில் ஒரு டிசைனரிடம் கொடுத்தோம். ஏழு தடவை மாற்றியும் முடிந்தபாடில்லை, இரண்டு பேருக்கும் சலித்துவிட்டது. முதலிலேயே எப்படி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்?

பதில்:

“பாரம்பரியமா இருக்கணும், ஆனா மாடர்னா தெரியணும், நல்ல ரிச்சா” என்பது போலத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த மூன்று சொல்லுக்கும் ஆளுக்கொரு படம் மனதில் வரும். உங்கள் மனதில் இருக்கும் படத்தை டிசைனர் ஒவ்வொரு தடவையும் ஊகித்து வரைகிறார். நீங்களும் அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு என்ன வேண்டாம் என்று கண்டுபிடிக்கிறீர்கள். ஆகவே டிசைனருக்கு எழுதிக் கொடுக்கும் தாளில், அதாவது பிரீஃபில், பெயரடைகளை எடுத்துவிட்டு, அளந்து பார்க்கக்கூடிய வாக்கியங்களை எழுதுங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

முதலில் பாட்டில். 500 கிராம் தேன் ஏறக்குறைய 350 மி.லி. பாட்டிலில் அடங்கிவிடும். அப்படி ஒரு பாட்டிலின் விட்டம் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நூலைச் சுற்றி அளந்தால் 22 செ.மீ. வரும். வளையாத நேர்ப்பகுதியின் உயரம் 7.5 செ.மீ. என்றால், லேபிளை 21 × 7 செ.மீ. என்று எழுதலாம். திரையில் டிசைனர் பார்ப்பது 21 செ.மீ. நீளமான ஒரு பட்டையை. அதன் குறுக்கே பெயரை 15 செ.மீ.க்கு அழகாக விரித்துவிடுவார். பாட்டிலில் ஒட்டினால் முன்னால் நிற்பவருக்குப் பாதிப் பெயர்தான் தெரியும். நேராகப் பார்க்கும்போது வசதியாகப் படிக்க முடிவது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7 செ.மீ. மட்டுமே. “பெயர், எடை, படம் மூன்றும் நடு 7 செ.மீ.க்குள்” என்ற ஒற்றை வரி ஒரு முழுத் திருத்தச் சுற்றையே மிச்சப்படுத்தும். காலிப் பாட்டில் ஒன்றையும் டிசைனர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது படம். தேன் என்றதும் டிசைனர் இணையத்திலிருந்து ஒரு சூரியகாந்தியையும் கொழுத்த வெளிநாட்டுத் தேனீயையும் எடுத்து வைப்பார். நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. ரப்பரில் தேனீ எடுப்பது பூவிலிருந்து அல்ல. தை, மாசி வாக்கில் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் எடுக்கிறது. இது டிசைனருக்குத் தெரிய வழியில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மூன்றாம் சுற்றில் வீட்டுப் பெரியவர் யாராவது “இது நம்ம தேனே இல்லையே” என்பார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

எழுத்து முழுவதும் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். பெயர், நிகர எடை, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் சின்னமும், சைவ உணவுக்கான பச்சைக் குறி, முகவரி, புகார் தொலைபேசி, ஊட்டச்சத்து அட்டவணை, சேமிக்கும் முறை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராம் விலை, தொகுதி எண், பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி: இவ்வளவும் இடம் கேட்கும். (பூச்சி தருவதுதானே என்று குழம்ப வேண்டாம், விதிப்படி தேனுக்குப் பச்சைக் குறிதான்.) எடை எண்ணின் உயரத்துக்கும் விதி உண்டு, அதைப் பார்த்து மில்லிமீட்டரில் குறித்துக் கொடுங்கள். இதில் பாதியைக் கடைசியில் வாட்ஸாப்பில் அனுப்பினால் முன்பே ஒழுங்காக அமைந்த லேபிள் குலைந்துபோகும். தொகுதி எண், தேதி, விலை ஆகியவை ஒவ்வொரு தடவையும் மாறும். அவற்றுக்கு 4 × 1.5 செ.மீ. வெள்ளைக் கட்டம் கேளுங்கள், அந்த இடத்தில் பளபளப்பு லேமினேஷன் வேண்டாம் என்றும் எழுதுங்கள். பளபளப்பின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் மை விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

தமிழ் வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். சில டிசைனர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், கொம்பும் காலும் இடம் மாறுவது அங்கேதான். அதனால் மாற்றிய பிறகு இன்னொரு தடவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

இனி, சண்டை வருகிற பகுதி. இதைச் சொல்லுக்குச் சொல் இப்படி எழுதலாம்:

> முடிவு சொல்பவர் ஒருவர் மட்டும். வீட்டில் மற்றவர்களின் கருத்தை அவரே கேட்டுத் தொகுத்து, எண் போட்டு, ஒரே செய்தியாக 3 நாளுக்குள் அனுப்புவார்.
> முதல் சுற்று: கறுப்பு வெள்ளையில் 2 அமைப்புகள். எது எங்கே என்பது மட்டும் முடிவாகும்.
> இரண்டாம் சுற்று: தேர்ந்தெடுத்த ஒன்றில் நிறமும் படமும்.
> மூன்றாம் சுற்று: எழுத்துப்பிழை மட்டும்.
> இந்தத் தாளில் இருப்பதற்கு மாறாக வரைந்திருந்தால் திருத்தம் இலவசம். தாளில் இல்லாததைப் புதிதாகக் கேட்டால் தனிக் கட்டணம், தனி நாள்.
> ஒப்படைப்பது: அச்சுக்கான பி.டி.எஃப். (நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விளிம்பு), திருத்தக்கூடிய மூலக் கோப்பு.

கடைசிக்கு முந்தைய வரிதான் உயிர். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் ‘தாளில் உள்ளது’ அல்லது ‘புதியது’ என்று எழுதிப் பழகுங்கள். ஏழு சுற்று போன வேலையை இப்படிப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் புதியதே அதிகம் இருக்கும். துபாயில் இருக்கும் அண்ணனிடம் கருத்து கேட்பதாக இருந்தால் பிரீஃபைக் காட்டிக் கேளுங்கள். முடிந்த லேபிளைக் காட்டினால் எவருக்கும் ஒரு மாற்றம் தோன்றத்தான் செய்யும்.

கருத்து சொல்லும்போது மருந்தைச் சொல்லாமல் நோயைச் சொல்லுங்கள். “பெயரைப் பெரிசாக்கு” என்றால் பெரிதாக்குவார், எடை ஓரத்துக்குப் போய்விடும், அதற்கு இன்னொரு சுற்று. “கன்னியாகுமரி கடையில் அலமாரிக்கு 5 அடி தள்ளி நின்றால் பெயர் படிக்க முடியவில்லை” என்றால், பின்னணியை வெளிறச் செய்வதா, எழுத்தைத் தடிமனாக்குவதா என்று அவர் யோசிப்பார். அதற்குத்தானே கூலி கொடுக்கிறீர்கள்?

மாதிரிகளும் கொடுக்கலாம், மூன்று போதும்: பிடித்தது இரண்டு, பிடிக்காதது ஒன்று. ஒவ்வொன்றிலும் எது என்று ஒரு வரி எழுதுங்கள். பத்துப் படம் அனுப்பினால் பத்தும் கலந்த ஒன்றுதான் திரும்பி வரும்.

எந்தச் சுற்றையும் போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏ4 தாளில் 100 சதவீத அளவில் அச்செடுத்து (அச்சு அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது அணைந்திருக்க வேண்டும்), வெட்டி, தேன் நிரப்பிய பாட்டிலில் ஒட்டிப் பாருங்கள். தேனின் பழுப்பு நிறம் பக்கத்தில் வந்ததும் திரையில் பளிச்சென்று இருந்த மஞ்சள் எழுத்து எடுபடாமல் போவது அப்போதுதான் தெரியும். அதை இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிட்டால், மூன்றாவதில் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தால் போதும்.